கிங் பொறுத்தார், மண்டேலா பொறுக்கவில்லை என்பது வரலாறு அல்ல

சர்வதேசப் பாடத்திட்டங்களில் வரலாறு படிக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒப்பீட்டுக் கட்டுரை ஒன்று உண்டு. ஒரு பக்கம் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஜிம் க்ரோ சட்டங்கள், அவற்றை எதிர்த்த குடிமை உரிமை இயக்கம். மறுபக்கம் தென்னாப்பிரிக்காவின் அபார்தைட் ஆட்சி, அதை எதிர்த்த விடுதலை இயக்கம். இரண்டையும் ஒப்பிட்டு எழுது என்பார்கள்.

விடை பெரும்பாலும் ஒரே அச்சில் வருகிறது. இரு நாடுகளிலும் வெள்ளையர் கறுப்பரைப் பிரித்து வைத்தார்கள்; பேருந்து, பள்ளி, உணவகம், கழிப்பறை எல்லாம் தனித்தனி. இரு நாடுகளிலும் காந்தியின் வழியில் அறப்போராட்டம் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கடைசிவரை பொறுமை காத்தார், அதனால் வென்றார். மண்டேலாவும் தோழர்களும் 1961-இல் பொறுமை இழந்து ஆயுதம் எடுத்தார்கள், அதனால் சிறைக்குப் போனார்கள். ஆகவே அமெரிக்காவில் அறவழி வென்றது, தென்னாப்பிரிக்காவில் தோற்றது. இப்படி எழுதினால் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. ஒற்றுமை இருக்கிறது, வேற்றுமை இருக்கிறது, முடிவுரையும் இருக்கிறது.

இந்த விடை தவறு என்பதே என் வாதம். அதில் உள்ள தேதிகளும் பெயர்களும் சரியாகவே இருக்கலாம். தவறு அது கற்றுத்தரும் காரணத்தில் இருக்கிறது. அடிபட்டவர்களின் குணத்தை அளந்து பார்த்து வெற்றி தோல்விக்குக் காரணம் சொல்கிறது. அடித்தவனின் கையில் என்ன இருந்தது, அவனுக்கு மேலே யார் இருந்தார் என்று கேட்பதே இல்லை. இரண்டு ஒதுக்கல் முறைகளை ஒப்பிட வேண்டிய கட்டுரை, இரண்டு தலைவர்களின் பொறுமையை ஒப்பிடும் கட்டுரையாகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் சட்டம் எங்கே குடியிருந்தது என்று பார்ப்போம். ஜிம் க்ரோ என்பது ஒரே சட்டம் அல்ல. மாநிலச் சட்டங்களும் நகராட்சி விதிகளும் ஊர்வழக்கமும் சேர்ந்த தொகுப்பு அது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடுவதுகூட நகர விதிப்படி குற்றம். ஆனால் அந்த நகருக்கு மேலே மாநிலம், மாநிலத்துக்கு மேலே கூட்டாட்சி அரசு, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரசமைப்புச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பின் அதில் சேர்த்த 14-ஆவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும், 15-ஆவது திருத்தம் நிறம் பாராத வாக்குரிமையையும் உறுதி சொல்லியிருந்தன. அந்த உறுதி பல பத்தாண்டுகள் காகிதத்தில்தான் கிடந்தது. 1896-இல் உச்ச நீதிமன்றமே, தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று ஒதுக்கலுக்கு முத்திரை குத்தியது. ஆனாலும் அந்த ‘சமம்’ என்ற பொய்யைத் தென்மாநிலங்கள் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞர்களுக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். சமமாக இல்லையே என்று பள்ளி பள்ளியாகக் காட்டி வழக்கு நடத்தி, கடைசியில் 1954-இல் பிரவுன் வழக்கில் பொதுப்பள்ளி ஒதுக்கலே செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்தப் பிடி இல்லை. இருந்த சிறு பிடியையும் அரசு வெட்டி எறிந்தது. கேப் டவுன் ரயில் நிலையக் காத்திருப்பு அறை பற்றிய வழக்கு ஒன்று உண்டு. வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியிருந்த அறைக்குள் ஒரு கறுப்பர் போய் உட்கார்ந்தார். மற்றவர்களுக்கான அறை அதற்கு ஈடாக இல்லை, ஆகவே இந்த ஒதுக்கல் செல்லாது என்று நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போயிருப்பார்கள். இங்கே நாடாளுமன்றம் 1953-இலேயே தனி வசதிகள் சட்டத்தை இயற்றியது. வசதிகள் சமமாக இல்லை என்பதையே காரணம் காட்டி எந்த ஒதுக்கலையும் செல்லாததாக்க முடியாது என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. சமம் என்று பொய் சொல்லும் தேவையைக்கூட அரசு வைத்துக்கொள்ளவில்லை.

வாக்குரிமையில் நடந்தது இதைவிடக் கொடியது. கேப் மாகாணத்தில் கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்ட மக்களுக்குப் பொதுப் பட்டியலில் வாக்கு இருந்தது. இரு அவைகளும் சேர்ந்து அமர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தந்தால் மட்டுமே அதை நீக்கலாம். பிரதமர் மலானின் அரசு 1951-இல் சாதாரணப் பெரும்பான்மையால் நீக்கியது. 1952-இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நாடாளுமன்றமே உயர் நீதிமன்றமாக அமரும் என்று அரசு இன்னொரு சட்டம் போட்டது. அதையும் நீதிமன்றம் தள்ளியது. 1955-இல் அரசு இரண்டு காரியம் செய்தது. இத்தகைய வழக்கைக் கேட்கும் அமர்வை 11 நீதிபதிகளாகப் பெருக்கியது. மேலவையை 48 உறுப்பினரிலிருந்து 89-ஆக ஊதிப் பெருக்கித் தன் ஆட்களால் நிரப்பியது. மறு ஆண்டே மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது, வாக்கு போயிற்று, புதிய அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் மூச்சைப் பிடித்து நின்ற நீதிமன்றத்தை இப்படித்தான் வென்றார்கள்.

ஒப்பீட்டுக் கட்டுரையில் இந்த வாக்குரிமை விவகாரம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வந்தால்தான் கட்டுரையின் முதுகெலும்பு நிமிரும். கறுப்பர்களை ஒதுக்கிய அமெரிக்க மாநிலத்துக்கு மேலே ஒரு முறையீட்டு இடம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒதுக்கியவனே கடைசி முறையீட்டு இடம்.

இன்னொன்று, எண்ணிக்கை. 1950-களில் அமெரிக்க மக்களில் பத்தில் ஒருவர் கறுப்பர். தென்னாப்பிரிக்காவில் ஐந்தில் ஒருவர்தான் வெள்ளையர். எல்லோருக்கும் வாக்கு என்றால் அமெரிக்காவில் அது ஒரு சீர்திருத்தம். தென்னாப்பிரிக்காவில் ஆட்சியே கைமாறும். அதனால்தான் அங்கே ஒதுக்கல் இருக்கைகளோடு நிற்கவில்லை. பதினாறு வயது தாண்டிய ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் பாஸ் புத்தகம் சுமக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இதற்காகப் பிடிபட்டார்கள். ஜிம் க்ரோவில் இதற்கு ஈடு கிடையாது. மிசிசிப்பியில் மூச்சுத் திணறிய கறுப்புக் குடும்பம் சிகாகோவுக்கு ரயில் ஏறலாம்; அப்படி லட்சக்கணக்கானோர் ஏறினார்கள். ஏறியவர்கள் அங்கே வாக்காளர்கள் ஆனார்கள். தென்மாநிலக் கறுப்பர்களுக்காக வாஷிங்டனில் பேச வடக்கில் வாக்குகள் சேர்ந்தன. இருக்கைகள் தனித்தனி என்ற ஒற்றுமையை மட்டும் எழுதும் மாணவர் இந்த ரயிலையும் காண்பதில்லை, அந்தப் பாஸ் புத்தகத்தையும் காண்பதில்லை.

இனி இயக்கங்களுக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொள்வது 1952-இன் சட்டமறுப்புப் போராட்டத்தையும் 1963-இன் பர்மிங்ஹாம் போராட்டத்தையும். இரண்டுமே சிறை நிரப்பும் போராட்டங்கள். இரண்டிலும் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது, இரண்டிலும் நடுவில் கலவரம் வெடித்தது. அதனால்தான் இவை சரியான இணை.

1952 ஜூன் 26 அதிகாலை, போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் ரயில் நிலையத்தில் ரேமண்ட் ம்ஹ்லாபா தலைமையில் ஒரு தொண்டர் குழு, வெள்ளையருக்கு மட்டும் என்ற வாசல் வழியாகப் பாடிக்கொண்டே நுழைந்து கைதானது. அதே நாளில் ஜோகன்னஸ்பர்க் அருகே போக்ஸ்பர்க்கில் வால்டர் சிசுலுவும் இந்திய காங்கிரஸின் நானா சீதாவும் கைதானார்கள். நாடெங்கும் தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு மண்டேலாவுடையது. யார், எங்கே, எந்த விதியை மீறப்போகிறோம் என்று காவல்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு மீறினார்கள். அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனார்கள். மீறியவை சிறு குற்றங்கள், தண்டனையும் பெரும்பாலும் சில வாரங்கள்தான். போராட்டத்தின் கணக்கே அந்தச் சிறு தண்டனையில்தான் நின்றது. ஒருவர் வெளியே வந்து இன்னொருவர் உள்ளே போகலாம், சிறை நிரம்பும், அரசு திணறும். ஆண்டு முடிவதற்குள் 8,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் மிகப் பலர் கிழக்கு கேப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு உயர்ந்தது.

இந்தப் போராட்டத்தில் தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. நேட்டால் இந்திய காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஜி.எம். நாயக்கர் தமிழ் வழிவந்தவர். காந்தி கொடுத்த ஆயுதம் என்று நாம் பெருமையோடு சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். 1913-இல் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற போராட்டம் இந்தியர்களின் உரிமைக்காக நடந்தது. ஆப்பிரிக்கர்களின் பாஸ் சட்டம் அதன் கோரிக்கையில் இல்லை. அதே 1913-இல் புளூம்ஃபான்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் சொந்த முடிவில் பாஸை எதிர்த்துச் சிறை சென்றார்கள். இரண்டு ஓடைகளும் சேர்வதற்கு 1947-இல் ஆப்பிரிக்கர் தரப்பில் டாக்டர் ஸூமாவும் இந்தியர் தரப்பில் டாக்டர்கள் நாயக்கர், தாதூ இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டியிருந்தது. 1949-இல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே கொலைவெறிக் கலவரம் நடந்த பிறகும் மூன்றே ஆண்டுகளில் அவர்கள் கைகோத்து ஒரே சிறைக்குப் போனார்கள். காந்தி வழியில் நடந்தார்கள் என்ற ஒரே வரியில் இதை எழுதிக் கடப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

1952 அக்டோபர் 18 அன்று அதே நியூ பிரைட்டனில் ஒரு ரயில்வே காவலர் திருட்டுச் சந்தேகத்தில் இருவரைப் பிடிக்கப்போய் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஊர் கொதித்தது, கறுப்பரும் வெள்ளையருமாகப் பலர் இறந்தார்கள். நவம்பரில் ஈஸ்ட் லண்டனில் காவல்துறை ஒரு வழிபாட்டுக் கூட்டத்தைக் கலைத்ததில் மீண்டும் சாவுகள். வெறிகொண்ட கூட்டம் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியையும் கொன்றது. இவற்றில் எதையும் தொண்டர் குழுக்கள் திட்டமிடவில்லை. ஆனாலும் அரசுக்கு அது போதுமானதாக இருந்தது. 1953 தொடக்கத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நெருக்கடி நிலை அறிவிக்கும் அதிகாரம் தந்தது. மற்றொன்று, எந்தச் சிறு விதியையும் எதிர்ப்பைக் காட்டுவதற்காக மீறினால் மூன்று ஆண்டுச் சிறை, அதனோடு கசையடி, மீறும்படி தூண்டினால் ஐந்து ஆண்டு என்றது. சில வாரச் சிறை ஒரே நாளில் சில ஆண்டுச் சிறையாக மாறிற்று. தோட்டக்காரரும் பெட்டி சுமப்பவரும் வேலையையும் வீட்டையும் நகரத்தில் இருக்கும் உரிமையையும் இழக்காமல் இனிச் சிறைக்குப் போக முடியாது. போராட்டம் நின்றது அதனால்தான்.

அந்த இரண்டு சட்டங்களையும் எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சியும் ஆதரித்தது. 1953 ஏப்ரல் தேர்தலில் வெள்ளை வாக்காளர்கள் மலான் கட்சிக்கு முன்னைவிட அதிக இடங்களைக் கொடுத்தார்கள். அடக்குமுறைக்கு வாக்கில் பரிசு கிடைத்தது.

பர்மிங்ஹாமுக்குப் போவதற்கு முன் ஆல்பனியைச் சொல்லியாக வேண்டும். வழக்கமான விடையைத் தனியாகவே கவிழ்க்க இந்த ஊர் போதும். ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் 1961-62-இல் அதே கிங், அதே வழி, அதே பொறுமை. தோல்வி. அங்கிருந்த காவல் தலைவர் லாரி பிரிட்செட், கிங்கின் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டவர். அடிக்காமல் மரியாதையாகக் கைது செய்தார். தன் சிறை நிரம்பாதபடி கைதிகளைச் சுற்று வட்டாரச் சிறைகளுக்கு அனுப்பினார். வாஷிங்டன் தலையிடக் காரணம் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு ஊர்வலத்தைத் தடுத்து உத்தரவு போட்டவர் ஒரு கூட்டாட்சி நீதிபதி. கிங் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டார். கூட்டாட்சி நீதிமன்றம்தான் இயக்கத்துக்கு இருந்த ஒரே மேலிடம். அதை மீறினால் காலுக்குக் கீழே தரையே இருக்காது. பொறுமைதான் வெற்றிக்குக் காரணம் என்றால் ஆல்பனியில் கிங் பொறுமையாக இல்லையா?

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் கிங் வேறு மாதிரி நடந்தார். அங்கே ஊர்வலத் தடை உத்தரவைப் போட்டது மாநில நீதிமன்றம். அதை மீறி ஏப்ரல் 12 அன்று சிறைக்குப் போனார். இரு ஊர்களிலும் அவருடைய முடிவைத் தீர்மானித்தது உத்தரவு எந்தப் படிக்கட்டிலிருந்து வந்தது என்பதுதான். பர்மிங்ஹாமில் காவல்துறை ‘புல்’ கானரின் கையில் இருந்தது. கடைவீதியைப் புறக்கணித்து வணிகர்களை வழிக்குக் கொண்டுவருவது திட்டம். வேலை போகும் என்று பெரியவர்கள் தயங்கியபோது கிங்கின் சகா ஜேம்ஸ் பெவல் பள்ளிப் பிள்ளைகளை இறக்கினார். மே 2 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். மறுநாள் தீயணைப்புக் குழாய்களும் நாய்களும் ஏவப்பட்டன. அந்தப் படங்கள் உலகச் செய்தித்தாள்களில் வந்தன. சில நாள்களில் சிறை நிரம்பி, திறந்தவெளிக் கண்காட்சி மைதானத்தில் பிள்ளைகளை அடைக்க வேண்டியதாயிற்று. மே 10 அன்று வணிகர்கள் இறங்கி வந்தார்கள்.

வழக்கமான கட்டுரைகள் கதையை அங்கேயே முடித்துவிடும். மறுநாள் இரவு கிங்கின் தம்பி வீட்டிலும் கிங் தங்கியிருந்த கேஸ்டன் விடுதியிலும் குண்டு வெடித்தது. கறுப்புப் பகுதி கொந்தளித்தது. கற்கள் பறந்தன, கடைகள் எரிந்தன, காவலர்கள் காயம்பட்டார்கள். நியூ பிரைட்டனில் நடந்ததைப் போலவே இங்கும் இயக்கம் திட்டமிடாத கலவரம். கென்னடி என்ன செய்தார்? ஒப்பந்தத்தைக் காக்கப் படையை பர்மிங்ஹாமுக்கு அருகே நகர்த்தினார். ஒரு மாதம் கழித்து, ஜூன் 11 இரவு தொலைக்காட்சியில் வந்து குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். 1964 ஜூலை 2 அன்று அது சட்டமானது.

இரண்டு கலவரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வன்முறை புகுந்ததால் தென்னாப்பிரிக்கப் போராட்டம் கெட்டது என்ற விளக்கம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. ஒரே வகைக் கலவரம் ஒரு நாட்டில் கசையடிச் சட்டத்தையும் இன்னொரு நாட்டில் உரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. வேறுபட்டது மேலே அமர்ந்திருந்த அரசு. அது யாருடைய வாக்குக்குப் பயந்தது என்பது. பனிப்போர்க் காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் முன் தலைகுனிவு என்ற அச்சமும் வாஷிங்டனுக்கு இருந்தது. பிரிட்டோரியா அதே பனிப்போரைக் காட்டி எதிர்ப்பாளர் எவரையும் கம்யூனிஸ்ட் என்று தண்டித்தது. சட்டமறுப்புப் போராட்டத்துக்காக மண்டேலா, சிசுலு உள்ளிட்ட இருபது பேரைக் கம்யூனிச ஒழிப்புச் சட்டத்தின் கீழ்தான் குற்றவாளிகள் என்றார்கள்.

இயக்கத்தையே தடை செய்ததிலும் இதே வேறுபாடுதான். கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தை 1956-இல் அலபாமா முடக்கியது. உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றது, ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. 1958-இல் உச்ச நீதிமன்றம் பட்டியலைக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. மாநிலம் அப்போதும் முரண்டு பிடித்து 1964 வரை இழுத்தது. அந்தத் தடையின் நடுவிலேயே போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் 1956 ஜூனில் வேறொரு அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் பர்மிங்ஹாமுக்கு கிங்கை அழைத்தது அந்த அமைப்புதான். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் எதிர்ப்புக் கூட்டத்தைச் சுட்டு 69 பேரைக் கொன்ற தென்னாப்பிரிக்க அரசு, பதினெட்டே நாள்களில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸையும் பான் ஆப்பிரிக்கக் காங்கிரஸையும் தடை செய்தது. முறையிட எந்த உச்ச நீதிமன்றமும் இல்லை, புது அமைப்பு தொடங்க இடைவெளியும் இல்லை. தடையான கூட்டத்தைக் கூட்டுவதே குற்றம் என்ற நிலையில்தான் 1961 டிசம்பரில் ஆயுதப் பிரிவு வந்தது. அதுவும் ஆள்களை விட்டுவிட்டு மின்கம்பங்களையும் அரசு அலுவலகங்களையும் தாக்கும் நாசவேலையோடு தொடங்கியது.

இதைப் பொறுமை இழப்பு என்று எழுதும் பிள்ளைகளுக்கு கிங்கே பதில் சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போகும் வழியில் லண்டனில் பேசியபோது, தென்னாப்பிரிக்காவில் மிக மென்மையான அறப்போராட்டத்துக்கும் பல ஆண்டுச் சிறை கிடைக்கிறது, அந்நிலையில் மக்கள் நாசவேலை போன்ற வழிகளுக்குப் போனதைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றார். பொருளாதாரத் தடை என்ற அகிம்சை வழியை வெளியிலிருந்து நாம்தான் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எந்தப் பொறுமையைக் காட்டி நம் மாணவர்கள் மண்டேலாவைக் குறைத்து எழுதுகிறார்களோ, அந்தப் பொறுமைக்குரியவரே அப்படி எழுத மறுத்தார்.

தேர்வுப் பாடத்திட்டத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. 2017 முதல் தேர்வுக்கு வந்த ஐ.பி. பட்டயப் படிப்பில் ‘உரிமைகளும் எதிர்ப்பும்’ என்ற பகுதியில் இந்த இரண்டு நாடுகளும் இணையாக வைக்கப்பட்டன. அமெரிக்காவுக்கு 1954 முதல் 1965 வரை, தென்னாப்பிரிக்காவுக்கு 1948 முதல் 1964 வரை. எல்லைகளைக் கவனியுங்கள். அமெரிக்கக் கதை பிரவுன் தீர்ப்பில் தொடங்கி வாக்குரிமைச் சட்டத்தில் முடிகிறது. தென்னாப்பிரிக்கக் கதை மலானின் வெற்றியில் தொடங்கி ரிவோனியா வழக்கில் மண்டேலா பெற்ற ஆயுள் தண்டனையில் முடிகிறது. வென்றது, தோற்றது என்ற முடிவு பிள்ளை பேனாவை எடுக்கும் முன்பே அந்த ஆண்டுகளில் எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கதையை 1954-க்குப் பத்து ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடத்தில் நின்று பார்த்தால், தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தென்னாப்பிரிக்கக் கதையை 1973-க்கு நீட்டினால் டர்பன் தொழிலாளர் வேலைநிறுத்தம் தெரியும். 1983-க்கு நீட்டினால் ஐக்கிய ஜனநாயக முன்னணி தெரியும். 1985-க்கு நீட்டினால் ம்குசெலி ஜாக் முன்னின்ற போர்ட் எலிசபெத் கடைப் புறக்கணிப்பு தெரியும். பர்மிங்ஹாமைப் போலவே அங்கும் கடைக்காரர்கள்தான் முதலில் அரசிடம் ஓடினார்கள். அனுமதி இல்லாமல் நகரத்துக்கு வந்து குடியேறிய மக்களைத் தடுக்க முடியாமல் 1986-இல் பாஸ் சட்டத்தையே நீக்க வேண்டியதாயிற்று. அறவழி அங்கே 1961-இல் செத்துப்போகவில்லை. அது மட்டுமே வென்றது என்றும் நான் சொல்லவில்லை. ஆயுதப் பிரிவு, பொருளாதாரத் தடைகள், குடியிருப்புகளில் நடந்த கொடிய வன்முறை, பனிப்போரின் முடிவு எல்லாமே 1990-இல் மண்டேலாவின் விடுதலைக்கு வழி செய்தன.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் ஒரு மறுப்பை நான் மதிக்கிறேன். எல்லாவற்றையும் அரசின் அமைப்பு தீர்மானித்தது என்றால் போராடியவர்களுக்கு என்ன வேலை, மக்களை வரலாற்றிலிருந்து துரத்துவதாகாதா என்கிறார்கள். ஆகாது. ஆல்பனி உத்தரவுக்குக் கட்டுப்பட்டு பர்மிங்ஹாம் உத்தரவை மீறிய கிங், அரசின் அமைப்பைப் படித்துத்தான் நடந்தார். 1952-இல் சிறு தண்டனை உள்ள விதிகளையே தேர்ந்தெடுத்து மீறிய மண்டேலாவும் அப்படித்தான் படித்தார்; அவர் படித்த அரசு அடுத்த ஆண்டே தன் விதியை மாற்றிக்கொண்டது. குணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத அறிவு அது. இன்னொரு மறுப்பு, நேரம். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு எழுத முடியும் என்பார்கள். இவ்வளவு போதும்:

“1952 அக்டோபரில் நியூ பிரைட்டனிலும் 1963 மே மாதம் பர்மிங்ஹாமிலும் அறப்போராட்டத்தின் நடுவே கலவரம் வெடித்தது. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் எதிர்ப்புக்காக விதி மீறுவோருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் கசையடியும் விதித்தது. அதைத் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, வாக்காளர்களும் பெரும்பாலும் வெள்ளையர்களே. அமெரிக்காவில் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் மேலே இருந்த கூட்டாட்சி அரசு, வடக்கின் கறுப்பு வாக்குகளையும் வெளிநாட்டு மதிப்பையும் கருதிப் படையை அனுப்பியது, பிறகு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்த மேலரசு தானாக வரவில்லை. ஆல்பனியில் அது வரவே இல்லை. பர்மிங்ஹாமில் அதை வரவழைக்கும் வகையில் எதிரியையும் இடத்தையும் இயக்கம் தேர்ந்தெடுத்தது.”

ஏழு வாக்கியங்கள்தான். இரண்டு இடம், இரண்டு தேதி, ஒரு காரணம், அந்தக் காரணத்துக்கு ஓர் எல்லை. இப்படி எழுதும் மாணவருக்கும் மண்டேலாவின் பொறுமையை அளக்கும் மாணவருக்கும் ஒரே மதிப்பெண் தருவதை விடைத்தாள் திருத்துகிறவர்கள் நிறுத்த வேண்டும். கேள்வி எழுதுகிறவர்கள், எந்த இயக்கம் ஏன் வென்றது என்று கேட்பதை விட்டுவிட்டு, 1953-இன் கசையடிச் சட்டம் பர்மிங்ஹாமில் இருந்திருந்தால் மே 2 அன்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரை அவர்களின் பெற்றோர் தெருவுக்கு விட்டிருப்பார்கள் என்று கேட்கலாம்.